டூ-வீலர் பேட்டரி மாத்தப்போறீங்களா? லேபிள்ல இருக்கிற '5'-ஐப் பார்த்து ஏமாறாதீங்க!

காலையில் அவசரமாகக் கிளம்பி செல்ஃப் பட்டனை அழுத்தினால், 'டிக்... டிக்...' என்று மட்டும் சத்தம் வருகிறது. கார்புரேட்டர் காலத்து வண்டி என்றால் நாலு உதை உதைத்துக் கிளம்பிவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிமுறை வந்த பிறகு வாங்கிய வண்டி என்றால் அது பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனாகத்தான் இருக்கும். அதில் பெட்ரோலை பம்ப் செய்யவே கரன்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால், கிக்கர் இருந்தாலும் ஸ்டார்ட் ஆவது கஷ்டம்.

என் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. பொங்கலுக்கு ஒன்பது நாள் லீவு போட்டு திருநெல்வேலி போனார். ஸ்கூட்டர் சென்னையில் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்றது. திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி காலி. 'சரி, நாலு வருஷம் ஆச்சு' என்று புதுசு போட்டார். மே மாதம் மறுபடியும் ஊருக்குப் போய்விட்டு வந்தால், நாலே மாதம் ஆன புதுப் பேட்டரியும் காலி. கடைக்காரர், "இந்தத் தடவை பெருசா போட்டுக்கலாம் தம்பி. இது 4 ஏ.ஹெச், 6 ஏ.ஹெச் போட்டா பிரச்னையே வராது" என்றிருக்கிறார். பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு போன் செய்தார். 'லேபிளை போட்டோ எடுத்து அனுப்புங்க' என்றேன்.

அந்த லேபிளில் இப்படி இருந்தது: YTX5L-BS, 12V 4Ah(10HR).

இந்த ஒரு வரிக்குள் பேட்டரி வாங்கத் தேவையான விஷயம் கிட்டத்தட்ட எல்லாமே இருக்கிறது. ஆனால், பலரும் ஏமாறுவதும் இதே வரியில்தான்.

முதலில் அந்த '5'. நிறைய பேர் இதை 5 ஆம்பியர் ஹவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அது மாடல் நம்பர்தான். உண்மையான கொள்ளளவு பின்னால் இருக்கும் 4Ah. இதேபோல YTX4L-BS என்பது 3Ah, YTX9-BS என்பது 8Ah. நம் ஊர் கம்பெனிகள் முன்னால் தங்கள் எழுத்துகளைப் போட்டுக்கொள்ளும். ஆனாலும், நடுவில் TX, TZ என்று இந்தக் குறியீட்டின் சாயல் தெரியும். கடையில் மாடல் நம்பரை மட்டும் வைத்து 'அஞ்சு', 'ஒன்பது' என்று பேச்சு போனால், Ah என்று அச்சடித்திருக்கும் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த 'L', பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. முனைகள் நம்மைப் பார்த்தபடி பேட்டரியை வைத்தால், YTX5L-ல் பாசிட்டிவ் வலது பக்கம் இருக்கும். L இல்லாத YTX9-ல் அது இடது பக்கம். பக்கம் மாறினால் வண்டியின் ஒயர் எட்டாது. இழுத்துப் பிடித்துத் தப்பாக மாட்டினால் ஃப்யூஸ் போவதில் ஆரம்பித்து ரெகுலேட்டர் வரைக்கும் செலவு வைக்கும்.

கடைசியில் இருக்கும் BS-க்கும் பிஎஸ்-6-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆசிட் தனி பாட்டிலில் வரும், விற்கும்போதுதான் ஊற்றுவார்கள் என்று அர்த்தம். இப்படிப்பட்ட பேட்டரி வாங்கினால், ஆசிட் ஊற்றி உடனே வண்டியில் மாட்ட விடாதீர்கள். அரை மணி நேரமாவது ஊறவிட்டு, பிறகு மெதுவாக சார்ஜ் ஏற்ற வேண்டும். எவ்வளவு ஆம்பியரில், எத்தனை மணி நேரம் என்பது பேட்டரியிலேயே அச்சாகியிருக்கும். பொதுவாக அது Ah-ல் பத்தில் ஒரு பங்கு. அதாவது 4Ah-க்கு 0.4 ஆம்பியர் அளவில், பல மணி நேரம். 'வண்டி ஓட்டினா ஏறிக்கும்' என்று அப்படியே மாட்டிக்கொடுத்தால், அந்தப் பேட்டரி ஆரம்பத்திலிருந்தே அரைகுறைதான்.

4Ah என்றால் என்ன?

4Ah(10HR) என்றால், 10 மணி நேரத்துக்கு 0.4 ஆம்பியர் வீதம் எடுக்கலாம், அதற்குள் பேட்டரி காலியாகிவிடும் என்று பொருள். 10HR என்பது அந்த 10 மணி நேரம். சில பேட்டரிகளில் 20HR கணக்கில் போட்டிருப்பார்கள். மெதுவாக எடுத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், அதே பேட்டரிக்கு எண் சற்றுப் பெரிதாகத் தெரியும். ரெண்டு பேட்டரியை ஒப்பிடும்போது ரெண்டிலும் 10HR எண்ணையே பாருங்கள்.

இங்கேதான் ஒரு ஆச்சர்யம். ஸ்டார்ட் செய்ய Ah பெரிதாகத் தேவைப்படுவதே இல்லை! ஸ்டார்ட்டர் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கிறது, 2 விநாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 0.03Ah-கூட வராது. அந்த நேரத்தில் முக்கியம், பேட்டரி அவ்வளவு கரன்ட்டை ஒரே மூச்சில் தள்ளுமா என்பதுதான். பேட்டரிக்கு வயதானால் முதலில் போவது இந்தத் தெம்பு.

அப்படியானால் Ah எதற்கு? வண்டி சும்மா நிற்கும்போது யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்ற கணக்குக்கு. நண்பரின் ஸ்கூட்டரில் பின்னால் மாட்டிய ஜி.பி.எஸ் டிராக்கர் ஒன்று இருந்தது. சாவியை எடுத்த பிறகும் அது 20 மில்லிஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. பார்க்கச் சின்ன அளவு. ஆனால் 4Ah-ஐ 0.02-ஆல் வகுத்தால் 200 மணி நேரம், அதாவது எட்டு நாளும் சொச்சமும். அதற்குள் பேட்டரி முழுசாகவே காலி. ஒன்பது நாள் லீவுக்கு இது தாங்காது. உண்மையில், பாதி இறங்கினாலே ஸ்டார்ட் ஆவது திண்டாட்டம் என்பதால், நாலாவது நாளிலிருந்தே அவர் பேட்டரி ஆபத்தில்தான் இருந்திருக்கும்.

சரி, கடைக்காரர் சொன்ன 6Ah போட்டிருந்தால்? 300 மணி நேரம், பன்னிரண்டரை நாள். பாதி இறங்க ஆறு நாள். பொங்கல் லீவில் அப்போதும் வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்காது. ஆக, நோயை ரெண்டு நாள் தள்ளிப்போட மட்டும் கூடுதல் காசு.

அதுவும் வண்டியில் உட்கார்ந்தால்தான். YTX4L, YTX5L, YTX7L மூன்றுக்கும் அடிப்பாகம் ஒரே அளவு, சுமார் 113 மி.மீ நீளம், 70 மி.மீ அகலம். உயரம்தான் மாறும்: முறையே 85, 105, 130 மி.மீ. 6Ah என்பது இந்த YTX7L. ட்ரேயில் அழகாக உட்காரும். மூடி மட்டும் மூடாது. 'கொஞ்சம் அமுக்கினா போயிடும்' என்றால், முனை மேலே இருக்கும் உலோகத்தில் இடித்து ஷார்ட் ஆகும் ஆபத்து இருக்கிறது. வண்டியோடு வந்த மேனுவலில் உள்ள Ah-ஐயே போடுங்கள். ஒரு படி கூடினால் சார்ஜிங் கெட்டுப்போகாது. ஆனால் குறைக்கவே குறைக்காதீர்கள்.

எந்த வகை?

டூ-வீலருக்கு மூன்று வகைதான். பழைய வண்டிகளில் இருக்கும் ஆசிட் பேட்டரிக்கு மேலே ஆறு மூடிகள் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்ற வேண்டும். பக்கவாட்டில் ஒரு சின்ன ரப்பர் ட்யூப் தொங்கும். விலை குறைவு, பராமரிப்பு அதிகம். ட்யூப் மடங்கினாலோ கழன்றாலோ ஃப்ரேமில் ஆசிட் வடிந்து பெயின்ட் போகும்.

இரண்டாவது, சீல் செய்த மெயின்டெனன்ஸ்-ஃப்ரீ வகை. இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, மூடியைத் திறக்கவும் கூடாது. உங்கள் வண்டியில் இது வந்திருந்தால், காசு மிச்சம் என்று ஆசிட் வகைக்கு இறங்காதீர்கள். சீட்டுக்கு அடியில், காலடியில் எல்லாம் பேட்டரி வைக்கும் வண்டிகளில் ஆசிட் ஆவி வெளியேற வழியே இருக்காது. மாறாக, பழைய வண்டிக்கு ஆசிட்டிலிருந்து சீல் வகைக்கு ஏறலாம்; அளவு பொருந்த வேண்டும், இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் 14.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது லித்தியம். எடை ரொம்பக் குறைவு, விலை ரொம்ப அதிகம். இதிலும் Ah-ல் ஒரு பொறி இருக்கிறது. சில லேபிள்களில் 12Ah என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் PbEq என்று பொடி எழுத்தில் இருக்கும். 'ஸ்டார்ட் செய்யும் தெம்பில் 12Ah லெட் ஆசிட் பேட்டரிக்குச் சமம்' என்று அர்த்தம். உள்ளே இருக்கும் உண்மையான கொள்ளளவு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கலாம். டிராக்கர் மாட்டிய வண்டிக்கு அந்த உண்மையான எண்ணை வைத்துத்தான் நாள் கணக்குப் போட வேண்டும். சாதாரண பேட்டரி சார்ஜரையும் இதில் மாட்டக் கூடாது. ரேஸ் டிராக் பக்கம் போகாதவர்களுக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து.

வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 12.7, 12.8 என்றால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அழுத்தும்போது இன்னொருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில் இருந்தும் 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். 13.5-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். 12.5-ஐவிட்டு அசையவே இல்லையென்றால் சார்ஜிங் வேலை செய்யவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது. இந்த ரெண்டில் எது இருந்தாலும் புதுப் பேட்டரியும் சீக்கிரமே போகும். முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

இது எல்லாம் சரியாக இருந்தும் நின்ற இடத்தில் இறங்கினால், யாரோ திருட்டுத்தனமாகக் குடிக்கிறார்கள். சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் ரேஞ்ச், பிறகு குறைக்கலாம். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைப் போட்டு செல்ஃபை மட்டும் அழுத்திவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் என்றால் மீட்டர் கன்சோலின் கடிகாரம், கவலை வேண்டாம். 20 என்றால், பின்னால் மாட்டிய சமாசாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

நண்பர் 6Ah வாங்கவில்லை. காலியான நிலையிலேயே நாள் கணக்கில் கிடந்ததால் நாலு மாதப் பேட்டரி தேறவில்லை, அதே 4Ah புதுசு வாங்கினார். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்ததால் விலையில் கொஞ்சம் கழித்தார்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில் என்று சொல்லிக்கொடுத்தேன். ஸ்பேனர் தவறி ஃப்ரேமில் பட்டால் பொறி பறக்காமல் இருக்க இதுதான் வழி. டிராக்கர் ஒயரில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக்கொண்டார். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, பார்க்கிங்கில் திருட்டு பயம் இருக்கிறதே என்று யோசித்து, டிராக்கரை ஓடவிட்டு, பக்கத்து வீட்டு அண்ணனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாளைக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி.