கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? ஒப்பந்தத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள்

சுங்கை பெசார்: நெல்வயலுக்கான செயலி உருவாக்கும் சிறு நிறுவனம் ஒன்று இங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலீட்டாளர் வருமுன், ஊழியர் ஒப்பந்தங்களில் உள்ள கண்டுபிடிப்பு உரிமை விதிகளை நிறுவனர் தனியே தொகுத்துப் பார்ப்பது நல்லது. அவற்றைச் சுருக்காமல், விதி எண்ணோடு சொல்லுக்குச் சொல் படியெடுக்க வேண்டும்.

காரணம், அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு. ஆய்வாளர் மார்க் ஹோலோட்னி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திடம் உரிமையை "மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்திட்டார். பின்னர் சீட்டஸ் நிறுவனத்திடம் "இதன்வழி மாற்றித் தருகிறேன்" என்று கையெழுத்திட்டார். முன்னது வெறும் வாக்குறுதி, பின்னது உடனடி மாற்றம் என 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. 2011இல் உச்ச நீதிமன்றத்திலும் ஸ்டான்ஃபோர்ட் தோற்றது.

எனவே ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் அந்த வினைச்சொல்லைக் கோடிடுங்கள். "கண்டுபிடிப்பு" என்பதன் விளக்கம் வேறு பக்கத்தில் இருக்கும். ஊழியரின் முந்தைய படைப்புகளுக்கு விலக்குத் தரும் இணைப்பும் கடைசியில் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதபோது, பணியின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பின் காப்புரிமை முதலாளிக்கே என்கிறது நமது 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. ஆனால் அது எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய மதிப்பு பெற்றால், ஊழியருக்கு நியாயமான ஊதியம் உண்டு. "கூடுதலாக எதுவும் கோர முடியாது" என்ற வரி இருந்தால் தனியே குறியுங்கள். அந்த உரிமையை ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது.