வாக்குமூலங்கள் இருக்கும் அலுவலகத்தின் வலையமைப்பை வரைதல்

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் கொடுத்த வாக்குமூலங்களைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு சிறிய அலுவலகத்தின் வலையமைப்பை அண்மையில் வரைந்தேன். அங்கு மூன்று கணினிகள், ஒரு பிரிண்டர், ஆவணங்கள் உள்ள ஒரு சேமிப்புப் பெட்டி, முன் மண்டபத்திலும் உள்ளறையிலுமாக இரண்டு வைஃபை அக்சஸ் பொயின்ட்கள் இருந்தன. வந்துபோவோருக்கும் அதே வைஃபைதான். அவர்களின் கைத்தொலைபேசியிலிருந்து வாக்குமூலங்களுக்குப் பாதை உண்டா என்பதே நான் அறிய விரும்பியது.

தாளை மூன்று அடுக்குகளாகப் பிரித்தேன். மேலடுக்கில் இணைய இணைப்பும் ரவுட்டரும். நடுவில் எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் சுவிட்ச். கீழடுக்கில் கணினிகள், பிரிண்டர், சேமிப்புப் பெட்டி, அக்சஸ் பொயின்ட்கள். அக்சஸ் பொயின்டுக்குக் கீழே கைத்தொலைபேசிகள். ஒவ்வொரு கோட்டிலும் அது சுவிட்சின் எத்தனையாவது போர்ட்டுக்குப் போகிறது என்று எழுதினேன். எந்தக் கேபிள் எது என்று தெரியாவிட்டால், மறுமுனையைக் கழற்றுங்கள்; சுவிட்சில் அதற்குரிய விளக்கு அணையும்.

பிறகு விருந்தினரின் தொலைபேசியில் விரலை வைத்து, சேமிப்புப் பெட்டிவரை கோட்டின்மேல் நகர்த்தினேன். விரல் அக்சஸ் பொயின்டுக்கு ஏறி, சுவிட்சைத் தொட்டு, நேரே பெட்டிக்கு இறங்கியது. ரவுட்டரைத் தொடவேயில்லை. ஒரே வலையமைப்புக்குள் நடக்கும் போக்குவரத்து ரவுட்டருக்குப் போவதில்லை. ஆகவே அங்கே போடும் தடை இந்தப் பாதையைத் தடுக்காது. பெட்டியின் கடவுச்சொல் மட்டுமே மிச்சமிருந்த காவல்.

இதற்குத் தீர்வு, அதே கேபிள்களில் இரண்டு தனி வலையமைப்புகளை ஓடவிடுவது. இதை வீலான் என்பர். ரவுட்டர், சுவிட்ச், அக்சஸ் பொயின்ட் மூன்றும் அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். மலிவான சாதாரண சுவிட்ச் போதாது. அலுவலகத்துக்கு 192.168.10.x என்ற முகவரிகளையும் நீல நிறத்தையும், விருந்தினருக்கு 192.168.20.x என்பதையும் சிவப்பையும் கொடுத்து, படத்தில் கோடுகளை நிறம் பிரித்து வரைந்தேன். இப்போது சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போக விரல் ரவுட்டர்வரை ஏறியே ஆகவேண்டும். ஆனால் பல ரவுட்டர்கள் இரண்டுக்குமிடையே தாமாகவே வழிவிடும். 20இலிருந்து 10க்குப் போவதைத் தடுக்கும் விதியை ரவுட்டரில் தனியாக எழுத வேண்டும்.

படத்தை நம்பி நிறுத்திவிடக் கூடாது. பெட்டியின் முகவரியை முதலில் அலுவலகக் கணினியின் பிரவுசரில் தட்டினேன், திறந்தது. அதையே விருந்தினர் வைஃபையில் இருந்த தொலைபேசியில் தட்டினேன், திறக்கவில்லை. அங்கும் திறந்திருந்தால், விதி வேலை செய்யவில்லை அல்லது அந்த அக்சஸ் பொயின்ட் தவறான வீலானில் இருக்கிறது என்று பொருள்.

வரைந்த திகதியைத் தாளின் மூலையில் எழுதுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுதாதீர்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தாள் காட்டிக்கொடுக்கும் என்பதால், அதை மண்டபச் சுவரில் ஒட்டாமல் பூட்டிய அலுமாரிக்குள் வையுங்கள்.