ஒரே வேகத்தில்தான் ஓடுகிறோம்... மூச்சு மட்டும் ஏன் கூடிக்கொண்டே போகிறது?

மாலையில் மெதுவோட்டத்துக்குக் கிளம்புகிறீர்கள். முதல் நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது. "இப்பதானே ஆரம்பிச்சேன், அதுக்குள்ளயா?" என்று தோன்றும். மூன்றாவது நிமிடத்தில் மூச்சு ஒரு சீருக்கு வந்துவிடும். சில நாள்களில் அப்படி வராது; பத்தாவது நிமிடத்தில் இன்னும் கூடியிருக்கும். இத்தனைக்கும் வேகத்தை நீங்கள் மாற்றவே இல்லை.

காரணம், ஓடத் தொடங்கியதும் உடல் தனக்குத் தேவையான உயிர்வாயுவை (ஆக்சிஜன்) மொத்தமாக எடுத்துக்கொள்வதில்லை. படிப்படியாகத்தான் எடுக்கிறது. அந்தப் படிகளுக்கு மேலே ஒரு கூரையும் இருக்கிறது. முதலில் கூரையைப் பார்ப்போம்.

VO2 max: அது என்ன எண்?

கைக்கடிகாரத் திரையில் VO2 max 42 என்று வந்தால் என்ன பொருள்? உங்களால் முடிந்த அளவு கடுமையாக ஓடும்போது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒரு நிமிடத்தில் 42 மில்லிலிட்டர் உயிர்வாயுவைப் பயன்படுத்த முடியும். அதுதான் உச்சம்.

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 42ஐ 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 0.2 லிட்டர்தான்.

பலர் இதை நுரையீரலின் கொள்ளளவு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டு விஷயங்களைப் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும்: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தை அனுப்புகிறது, அந்த ரத்தத்திலிருந்து தசைகள் எவ்வளவு உயிர்வாயுவை எடுத்துக்கொள்கின்றன. நம் ஓட்டக்காரரின் இதயம் உச்சத்தில் 17 லிட்டர் ரத்தத்தை அனுப்பி, தசைகள் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் 150 மில்லிலிட்டர் எடுத்துக்கொண்டால், மொத்தம் 2.5 லிட்டர் வந்துவிடுகிறது. ஆரோக்கியமான பெரும்பாலோருக்குக் கூரையாக இருப்பது நுரையீரல் அல்ல, இதயம் அனுப்பும் ரத்தத்தின் அளவுதான்.

ஆய்வகத்தில் முகமூடி அணிவித்து டிரெட்மில்லில் ஓட விடுவார்கள். உள்ளே போகும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு உயிர்வாயு. வெளியே வரும் காற்றில் 17 விழுக்காடு அளவில்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டபடியே வேகத்தைக் கூட்டுவார்கள். ஒரு கட்டத்தில் வேகம் கூடினாலும் உயிர்வாயுப் பயன்பாடு கூடாது. அதுதான் கூரை.

கைக்கடிகாரம் இதை நேரடியாக அளப்பதில்லை. வேகத்தையும் இதயத் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. நம்மூர்ப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அதனால், உடல்திறன் குறையாமலேயே திரையில் எண் இறங்கிப்போகலாம்.

முதல் படி: 15 முதல் 20 விநாடி

நம் ஓட்டக்காரர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறார். அந்த வேகத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 1.8 லிட்டர் உயிர்வாயு தேவை. தசைகளுக்கு அந்தச் சக்தி முதல் அடியிலிருந்தே வேண்டும்.

கால் நகர்ந்த உடனே இதயம் வேகம் பிடிக்கிறது. நுரையீரல் வழியே அதிக ரத்தம் பாய்வதால் உயிர்வாயுப் பயன்பாடு சட்டென்று ஒரு படி ஏறும். வேலை செய்த கால் தசைகளிலிருந்து திரும்பும் ரத்தம் இன்னும் நுரையீரலை வந்து சேரவில்லை. அதனால் இந்தப் படி சின்னதுதான்.

இரண்டாவது படி: 2, 3 நிமிடம் வரை

தசைகள் உயிர்வாயுவை உறிஞ்சிய ரத்தம் நுரையீரலுக்கு வந்ததும் பெரிய ஏற்றம் தொடங்குகிறது. முதலில் வேகமாக ஏறி, பிறகு மெல்ல வளைந்து, 2, 3 நிமிடங்களில் 1.8 லிட்டரில் நிலைக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் வீட்டுப் படிக்கட்டுபோல் நேர்க்கோடாக இருக்காது, வளைவாகத்தான் இருக்கும்.

ஏன் இந்தத் தாமதம்? உயிர்வாயுவைக் கொண்டு சக்தி தயாரிக்கும் அமைப்பு மெதுவாகத்தான் சூடுபிடிக்கும். அதுவரை தசை தன் கையிருப்பில் உள்ள பாஸ்போகிரியேட்டினைச் செலவழிக்கிறது; சர்க்கரையை உயிர்வாயு இல்லாமலேயே உடைக்கிறது. சொல்லப்போனால், கடன் வாங்கி ஓடுகிறது.

எவ்வளவு கடன்? ஓய்விலிருந்து கூட வேண்டியது 1.6 லிட்டர். சராசரித் தாமதம் அரை நிமிடம் என்றால், கடன் 0.8 லிட்டர். ஓடி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவதற்கு இந்தக் கடனும் ஒரு காரணம். 1920களில் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஏ.வி. ஹில் தாமே முதுகில் காற்றுப் பையைச் சுமந்துகொண்டு ஓடி இதை அளந்தார். 'உயிர்வாயுக் கடன்' என்ற பெயரும் உச்ச அளவு என்ற கருத்தும் அவரது குழுவின் ஆய்விலிருந்து வந்தவை.

தொடர்ந்து பயிற்சி செய்வோருக்குத் தாமதம் குறையும். ஆக, ஒரே VO2 max கொண்ட இருவரில் சீக்கிரம் படி ஏறுபவர் குறைவாகக் கடன் வாங்குகிறார்.

மூன்றாவது படி: எல்லோருக்கும் வராது

8 கிலோமீட்டர் வேகம் நம் ஓட்டக்காரருக்கு வசதியானது என்றால், கதை இரண்டாவது படியோடு முடிந்தது. அதன்பின் பயன்பாடு அப்படியே நிற்கும்.

அவர் 10 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால்? கணக்குப்படி தேவை 2.2 லிட்டர். ஆனால் 2, 3 நிமிடங்களுக்குப் பிறகும் பயன்பாடு நிற்காமல் மெல்ல மெல்ல ஏறலாம். முதலில் வேலை செய்த தசை நார்கள் களைக்கின்றன. சிக்கனம் குறைந்த நார்கள் துணைக்கு வருகின்றன. அதே வேகத்துக்கு இப்போது கூடுதல் உயிர்வாயு செலவாகிறது. பெரும்பகுதிக் காரணம் கால் தசைகளிலேயே இருக்கிறது.

வேகம் மிக அதிகமானால் இந்த ஏற்றம் கூரையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் தாங்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஐந்தாவது நிமிடத்தில் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். பதினைந்தாவது நிமிடத்திலும் அதையே பேசுங்கள். அப்போது வார்த்தை துண்டுதுண்டாக வந்தால் நீங்கள் மூன்றாவது படியில் இருக்க வாய்ப்பு அதிகம். இதயத் துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். உயிர்வாயுப் பயன்பாடு ஏறாமலேயே வெப்பத்தால் துடிப்பு ஏறலாம்.

2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ன நடக்கிறது?

1968இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர், 12 நிமிடத்தில் ஓடும் தூரத்தைக் கொண்டு VO2 maxஐக் கணிக்கும் முறையை வெளியிட்டார். 12 நிமிடத்தில் 2.4 கிலோமீட்டர் ஓடினால் கிடைப்பது ஏறத்தாழ 42. நம் ஓட்டக்காரரின் அதே எண்!

சிங்கப்பூரில் தேசியச் சேவையாளர்கள் உடலுறுதித் தேர்வில் ஓடுவதும் இதே 2.4 கிலோமீட்டர்தான். 12 நிமிடத்தில் முடிக்க மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 42 உள்ளவருக்கு அது கிட்டத்தட்ட கூரையைத் தொட்டபடி ஓடும் வேகம். முதல் சுற்றில் அதைவிட வேகமாகப் பாய்ந்தால் கடன் பெருகும். கூரையும் சீக்கிரம் வந்துவிடும். கடைசிச் சுற்றில் "கால் நகரவே மாட்டேங்குது" என்று ஆகிவிடுவது அதனால்தான்.