டிகேஐஎம்: இரு பெயர்கள் கலந்த பெயர்

புதிய வாடிக்கையாளர்களுக்குத் தன் டொமைனிலிருந்து மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனம் டிஎன்எஸ்ஸில் சேர்க்க வேண்டிய பதிவுகளுள் ஒன்று டிகேஐஎம். விரித்தால் ‘டொமைன்கீஸ் ஐடென்டிஃபைட் மெயில்’. ஒரே மூச்சில் படித்தால் பொருள் சரியாக ஒட்டாது. இரண்டு பெயர்களைச் சேர்த்துத் தைத்ததால் வந்த தையல் அது.

2004-இல் யாஹூ ‘டொமைன்கீஸ்’ என்ற முறையை முன்வைத்தது. வடிவமைத்தவர் மார்க் டெலனி. அனுப்பும் சர்வர் தன்னிடம் மட்டும் உள்ள சாவியால் மடலில் கையொப்பமிடும். அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி, அந்த டொமைனின் டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். அதே ஆண்டு சிஸ்கோ ‘ஐடென்டிஃபைட் இன்டர்நெட் மெயில்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. அதில் பொதுச்சாவி மடலோடேயே போகும். 2005-இல் இரண்டும் ஒன்றாயின. 2007-இல் இணையத் தரமாக வெளியானபோது பெயரின் முன்பாதி யாஹூவினுடையது, பின்பாதி சிஸ்கோவினுடையது.

யாஹூவின் சொல் இன்றும் ஒவ்வொரு பதிவிலும் இருக்கிறது. example.com என்ற டொமைனுக்கு s1 என்ற அடையாளத்தோடு சாவி வைத்தால் பதிவு இப்படி அமையும்:

```
s1._domainkey.example.com  TXT  "v=DKIM1; k=rsa; p=..."
```

p= என்பதற்குப் பின் வருவது பொதுச்சாவி. நடுவிலுள்ள சொல்லின் முன் அடிக்கோடு இருப்பதால், சர்வர் பெயர்களோடு அது மோதாது.

தவறு பெரும்பாலும் இந்த முகவரியில்தான் நேர்கிறது. பல டிஎன்எஸ் பக்கங்கள் டொமைன் பெயரைத் தாமே ஒட்டிக்கொள்ளும். முழு முகவரியையும் தட்டினால் example.com இரண்டு முறை வந்துவிடும். பதிவு இருந்தும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட பக்கத்தில் s1._domainkey என்பதோடு நிறுத்த வேண்டும். பிறகு இதை ஓட்டிப் பாருங்கள்:

```
dig +short TXT s1._domainkey.example.com
```

சாவி வந்தால் பதிவு சரியான இடத்தில் இருக்கிறது. அடுத்து ஒரு ஜிமெயில் கணக்குக்கு மடல் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்து DKIM-Signature வரியைப் பாருங்கள். அங்கே d= என்பதற்குப் பின் உங்கள் டொமைன் இருக்க வேண்டும். மடல் அனுப்பித் தரும் சேவையின் டொமைன் மட்டும் இருந்தால் கையொப்பம் செல்லும். ஆனால் From வரியிலுள்ள உங்கள் டொமைனோடு பொருந்தாது. டிமார்க் சோதனைக்கு அந்தக் கையொப்பம் உதவாது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தன் பயனர்களுக்கு ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது.

சிஸ்கோ தந்த ‘ஐடென்டிஃபைட்’ என்ற சொல்லுக்குப் பொருள், அடையாளம் காணப்பட்டது என்பதே. மடலுக்கு எந்த டொமைன் பொறுப்பேற்கிறது என்பதை டிகேஐஎம் உறுதிசெய்கிறது. அந்த மடல் பெறுபவருக்கு வேண்டியதுதானா என்று அது சொல்வதில்லை. கேட்காதவர்களுக்கு மடல் அனுப்பிப் புகார் வாங்கினால், அந்தப் புகார்கள் கையொப்பமிட்ட டொமைனின் பெயரிலேயே சேரும்.