மூன்றாவது தறி

தொழிற்புரட்சிக் காலத்து ஆலைத் தொழிலாளி ஒருவரின் நாட்குறிப்பை எழுதச் சொல்வது வரலாற்று வகுப்புகளில் வழக்கமான பயிற்சி. எழுதி வருபவற்றில் பெரும்பாலும் புகை இருக்கும், பசி இருக்கும், சவுக்கு இருக்கும். அவை பொய்யல்ல. ஆனால் எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த இயந்திரம் என்று முடிவு செய்யாமல் எழுதினால் அது யாருடைய நாளாகவும் ஆகாது. இன்னொன்றும் உண்டு. நாட்குறிப்பு எழுத எழுத்து தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் நூற்பாலைகளில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்த சிறுவர்களில் பலருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரம் வேறு மாதிரி. மெரிமாக் ஆற்றின் அருவி நீரை நம்பி 1820-களில் எழுந்த பருத்தி ஆலை நகரம் அது. அங்கே வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்புற மாநிலங்களின் பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள். பள்ளிக்கூடம் போனவர்கள். கடிதம் எழுதினார்கள், நாட்குறிப்பு வைத்திருந்தார்கள், தாங்களே பத்திரிகையும் நடத்தினார்கள்.

1845 பிப்ரவரியில் இந்தப் பெண்களில் சிலர் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். ஒரு நாள் வேலை 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வேண்டும் என்பதே கோரிக்கை. லோவலிலிருந்து போன மனுவில் 1,151 கையெழுத்துகள். எலைசா ஹெமிங்வே என்ற நெசவாளி, தான் வேலை செய்த அறையின் கணக்கைச் சொன்னார்: சுமார் 130 பெண்கள், 11 ஆண்கள், 12 சிறுவர்கள். இருட்டிய பிறகும் வேலை நடக்கும் நாட்களில் அந்த ஓர் அறையில் எரிந்தவை 293 சிறு விளக்குகள், 61 பெரிய விளக்குகள். இத்தனை பேர் மூச்சு விடும் அறையில் இத்தனை சுடர்கள். காற்று உடம்புக்கு ஆகாது என்று அவர் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

குழு லோவலுக்கு வந்து ஆலைகளைப் பார்த்தது. புல்வெளியையும் மரங்களையும் பார்த்து மகிழ்ந்தது. குறைகள் இருப்பதை ஒப்புக்கொண்டது, ஆனால் அதற்கு மருந்து சட்டமன்றத்திடம் இல்லை என்று மார்ச்சில் அறிக்கை கொடுத்துவிட்டது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு நெசவுப் பெண் எழுதியிருக்கக்கூடிய பக்கம் இது. அவள் என் கற்பனை. அவள் சொல்லும் மணியும் தறியும் வாடகையும் அக்காலப் பதிவுகளிலிருந்து எடுத்தவை.

*1845 மே, செவ்வாய் இரவு*

நாலரைக்கு முதல் மணி. ஐந்துக்குத் தறி முன்னால் நின்றேன். ஏழு மணிக்குக் காலைச் சாப்பாடு, அரை மணி நேரம். ஆலையிலிருந்து விடுதிக்கு ஓடிப்போய் மென்று விழுங்கிவிட்டு ஓடி வருவதும் அந்த அரை மணிக்குள்தான். இந்த மாதம் பிறந்ததிலிருந்து மதியத்துக்கு முக்கால் மணி தருகிறார்கள். ஆகஸ்ட் முடிந்தால் மறுபடி அரை மணி.

மேஸ்திரி மூன்றாவது தறியைக் கொடுத்து இன்றோடு ஒரு வாரம். முதலில் தறிகளின் வேகத்தைக் குறைத்துத்தான் கொடுத்தார். பெரிய சிரமம் இல்லை என்று நினைத்தேன். நேற்றிலிருந்து வேகத்தை ஏற்றிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. நாடா அடிக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

இரண்டு தறி என்றால் ஒன்றில் தார் மாற்றும்போது மற்றதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இன்று மத்தியானம் அதில் ஒரு பாவு நூல் அறுந்தது தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது துணியில் ஒரு முழத்துக்குக் கோடு விழுந்திருந்தது. தறியை நிறுத்தி, நூலை முடிந்து, விழுதிலும் அச்சிலும் கோத்து இழுத்து மறுபடி ஓட்டுவதற்குள் அடுத்த தறியில் தார் தீர்ந்துவிட்டது. துணி அறையில் அந்தக் கோட்டைப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

ஒவ்வொரு தாருக்கும் நாடாவின் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும். நாள் முழுக்க வாயில் பஞ்சுதான். இந்த நாடாவை எனக்கு முன்னால் வைத்திருந்த வெர்மான்ட் பெண் இருமலோடு ஊருக்குப் போனாள். அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. காற்று காய்ந்தால் பாவு அறுந்துபோகும் என்று அறைக்குள் நீராவி விடுகிறார்கள். ஜன்னல் ஓரத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு கவிதையை ஒட்டியிருக்கிறேன். புத்தகம் கொண்டு வரக் கூடாது, இதை மட்டும் கண்டும் காணாமல் விடுகிறார்கள். மூன்று தறி வந்த பிறகு அதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

மாலை ஏழுக்கு விட்டார்கள். இப்போதும் காதில் தறி ஓடுகிறது. விடுதிக்காரம்மாவுக்கு வாரம் ஒன்றேகால் டாலர் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். மிச்சத்தில் கொஞ்சம் சேமிப்பு வங்கியில் இருக்கிறது. அது என் பெயரில் இருக்கிறது. அப்பா பெயரில் இல்லை. ஆலையை எவ்வளவு திட்டினாலும் இதைப் பண்ணை எனக்குத் தந்திருக்காது.

மனுவில் கையெழுத்துப் போட்டவர்களை வேலையிலிருந்து நீக்குவார்கள் என்று பேச்சு. ஓர் ஆலையில் நல்ல பெயரோடு விடுவிக்காவிட்டால் இந்த ஊரில் வேறெந்த ஆலையும் எடுக்காது. நான் போட்டிருக்கிறேன். பத்து மணிக்குக் கதவு சாத்தும் மணி அடிக்கப்போகிறது. இரண்டு பேர் படுக்கும் கட்டில், கூடப் படுப்பவள் தூங்கிவிட்டாள், விளக்கை அணைக்க வேண்டும்.

இந்தப் பெண்ணின் ஒரு நாள் வேலை, சாப்பாட்டு நேரம் போக, 12 மணி 45 நிமிடம். குழுவிடம் கொடுக்கப்பட்ட மாதவாரிக் கணக்கும் மே மாதத்துக்கு அதையே சொல்கிறது. ஏப்ரல்தான் ஆண்டிலேயே நீண்டது: 13 மணி 31 நிமிடம்.

ஆனால் அவளை உண்மையில் வதைத்தது மணிக்கணக்கு மட்டுமல்ல. ஒரே நேரத்துக்குள் எத்தனை தறிகள் என்பதும்தான். அவளுக்குக் கூலி நெய்த துண்டுக் கணக்கில். தறி கூடினால் துண்டும் கூடும், ஆனால் ஒரு துண்டுக்கான கூலியைக் குறைத்துவிடுவார்கள். உற்பத்தி ஏறினால் மேஸ்திரிக்குத் தனியாக ஊக்கத்தொகை உண்டு. தறியை நிறுத்தவிடாமல் அவர் பின்னாலேயே நின்றதற்கு அதுவே காரணம். இந்தப் பயிற்சியை எழுதும் மாணவர்கள் சவுக்கைத் தேடுவதற்குப் பதில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்த ஆண்டு, 1846-ல், ஒரு லோவல் ஆலை நெசவாளிகளுக்கு நான்காவது தறியைக் கொடுத்து, துண்டுக்கு ஒரு சென்ட் குறைக்கப் பார்த்தது. பெண்கள் கூடி, குறைந்த கூலிக்கு நான்காவது தறியை ஏற்கமாட்டோம் என்று உறுதிமொழி எழுதினார்கள். ஏறக்குறைய எல்லா நெசவாளிகளும் கையெழுத்துப் போட்டார்கள். ஆலை பின்வாங்கியது.

மணி நேரத்தில் அவ்வளவு சுலபமாக வெற்றி கிடைக்கவில்லை. 1847-ல் உணவு இடைவேளை கொஞ்சம் கூடியது. 1853-ல் லோவல் ஆலைகள் வேலை நாளை 11 மணி நேரமாகக் குறைத்தன. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 10 மணி நேரச் சட்டம் மாசசூசெட்ஸில் வந்தது 1874-ல். அன்று மனுவில் கையெழுத்திட்ட பெண்களில் பெரும்பாலோர் வெகு முன்பே ஆலையை விட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் நின்ற தறிகளில் பல, அயர்லாந்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்த குடும்பங்களின் கைக்கு மாறியிருந்தன.