உள்ளக விசாரணையும் அதன் பதிவேடும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தனியார் நிறுவனங்களை முன்வைத்து

இலங்கையில் தனியார் நிறுவனமொன்று ஒழுக்கக்கேட்டின் பேரில் ஊழியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்வதற்கு முன் உள்ளக விசாரணை, அதாவது நிறுவனமே தன் ஊழியர் மீதான குற்றச்சாட்டைச் சாட்சியம் பெற்று ஆராயும் விசாரணை, நடத்தியே ஆக வேண்டும் என்று பொதுச்சட்டம் எதுவும் விதிக்கவில்லை. அரச உத்தியோகத்தருக்குத் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி படிப்படியான நடைமுறையை வகுத்திருக்க, தனியார் துறையில் அதற்கு நிகரான எழுத்து விதி இல்லை. பணிநீக்கப்பட்ட ஊழியர் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின்கீழ் தொழில் நியாயசபைக்குச் சென்றால், அந்தச் சபை உள்ளக விசாரணையின் முடிவுக்குக் கட்டுப்படாது. சாட்சிகளைத் தானே புதிதாகக் கேட்டு, 31இ பிரிவு சொல்லும் நீதியும் ஒப்புரவுமான கட்டளையைத் தானே ஆக்குகிறது. இவ்விரண்டையும் ஒருசேரப் பார்க்கும் முகாமையாளர்கள் பலர், எப்படியும் மீண்டும் கேட்கப்படப்போகும் ஒன்றுக்கு இங்கே ஏன் இத்தனை சிரமம் என்று எண்ணி, விசாரணையை ஒரு மாலைநேரச் சடங்காக முடித்துவிடுகின்றனர்.

அந்த எண்ணம் சட்டத்தைச் சரியாகப் படித்தும் அதன் விளைவைத் தவறாகக் கணிப்பதாகும். நியாயசபை புதிதாக விசாரிக்கிறது என்பதனாலேயே, சம்பவம் நடந்த சில வாரங்களுக்குள் யார் என்ன சொன்னார்கள், எந்த ஆவணம் யாருக்குக் காட்டப்பட்டது, ஊழியர் அப்போது என்ன விளக்கம் தந்தார் என்பவற்றைக் காட்டும் பதிவேட்டின் பெறுமதி கூடுகிறது. வழக்கு எடுக்கப்படும்போது களஞ்சியத்தில் நின்ற சாட்சி கனடாவுக்குப் போயிருக்கலாம், கணக்கர் வேறு கம்பனியில் இருக்கலாம். பணிநீக்கத்தை நியாயப்படுத்தும் சுமை முழுவதும் தொழில்தருநர் மீதே கிடக்கையில், எஞ்சியிருப்பவரின் நினைவைக் குறுக்கு விசாரணையில் தாங்கிப்பிடிக்கவும் பின்னர் முளைக்கும் புதிய கதையை அடையாளங்காணவும் உதவுவது அந்தப் பதிவேடே. ஆகவே உள்ளக விசாரணையில் தீர்ப்பைவிட அதற்கு முந்திய அறிவித்தலும் அதன் ஊடாக எழும் பதிவுமே முதன்மையானவை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட கட்டடப்பொருள் கம்பனியொன்றின் நெல்லியடிக் கிளையில், ஒரு திங்கட்கிழமை கையிருப்பு எண்ணப்பட்டபோது இருப்புப் பேரேடு 212 சீமெந்துப் பொதிகளைக் காட்ட, களஞ்சியத்தில் 174 மட்டுமே இருந்தன. களஞ்சியக் காப்பாளரிடம் விளக்கம் கோரப்பட்டது. பொருள் சில வேளைகளில் பற்றுச்சீட்டு எழுதப்படுமுன்பே லொறியில் ஏற்றப்படுவதுண்டு என்றும், களஞ்சியத்தின் மாற்றுத் திறப்பு விற்பனைப் பகுதியில் தொங்குகிறது என்றும் அவர் எழுதிக் கொடுத்தார். தலைமையகம் அந்த விளக்கத்தை ஏற்காது, ‘நீர் 38 சீமெந்துப் பொதிகளைத் திருடினீர்’ என்ற ஒற்றை வரிக் குற்றச்சாட்டுடன் விசாரணைக்கு அழைக்க முனைகிறது.

விசாரணை கெடுவது பெரும்பாலும் இந்த வரியில்தான். கையிலுள்ள சான்றுகள் பேரேடும் எண்ணிக்கைத் தாளும் மாத்திரமே. அவை குறைவைக் காட்டுகின்றனவேயன்றி, எடுத்தவரைக் காட்டவில்லை. திருட்டைக் குற்றமாகச் சாட்டிவிட்டு, அது மெய்ப்பிக்கப்படாத நிலையில் ‘கவனயீனத்துக்காக’ தண்டிப்பது, ஊழியர் பதில் சொல்ல அழைக்கப்படாத ஒன்றுக்காக அவரைத் தண்டிப்பதாகும். முறையான குற்றச்சாட்டுப் பத்திரம் இன்ன திகதியில், இன்னார் முன்னிலையில் நடந்த எண்ணிக்கையில் பேரேட்டுக்கும் இருப்புக்கும் 38 பொதிகள் வித்தியாசம் காணப்பட்டதென்பதையும், களஞ்சியப் பொறுப்பிலிருந்தவர் அதற்குக் கணக்குக் காட்டத் தவறினார் என்பதையும் ஒரு குற்றச்சாட்டாகவும், பற்றுச்சீட்டின்றிப் பொருளை வெளியேற விட்டது கம்பனியின் எந்த எழுத்துப் பணிப்புக்கு முரணானது என்பதை இன்னொன்றாகவும் வைக்கும். பற்றுச்சீட்டின்றிப் பொருள் வெளியேறியது என்பது அவரது சொந்த விளக்கத்திலிருந்தே வருவதால், இரண்டாவது குற்றச்சாட்டை எழுதுமுன் அந்தப் பணிப்பு அவருக்கு உண்மையில் கொடுக்கப்பட்டதா, கையெழுத்து உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பல நிறுவனங்களில் அந்தப் பணிப்பு தலைமையகக் கோப்பில் மட்டுமே உறங்கிக்கிடப்பது வழக்கம்.

பத்திரத்துடன் நிறுவனம் நம்பியிருக்கும் ஆவணங்களின் பிரதிகளும் சாட்சிகளின் பட்டியலும் செல்ல வேண்டும். விசாரணையின் நாள், நேரம், இடம், விசாரணை அலுவலர் யார், உதவிக்கு ஒருவரை அழைத்துவரலாமா என்பனவும் அதில் இருக்க வேண்டும். கணக்கேடு தொடர்பான குற்றச்சாட்டுக்கு ஒரு வார அவகாசமும் குறைவே. சக ஊழியர் எவரும் நிறுவனத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தயங்கும் சிறிய கிளையில், ஊழியர் தன் சாட்சியைத் தேடிப்பிடிக்கவே நாள் பிடிக்கும். எண்ணிக்கையை நடத்திய கிளை முகாமையாளர் இங்கு ஒரு சாட்சி. அவரே விசாரணை அலுவலராக அமரவியலாது. கிளையில் வேறு மூத்தவர் இல்லையென்றால் வேறு கிளையிலிருந்தோ வெளியிலிருந்தோ ஒருவரை அமர்த்துவதே வழி.

குடாநாட்டுக்கு இவற்றுள் மொழி தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழியாகவும் பொதுப் பதிவேடுகளின் மொழியாகவும் உள்ளது. ஆனால் அந்த ஏற்பாடு கம்பனிகளின் கோப்புகளைக் கட்டுப்படுத்தாது. 2009க்குப் பின் யாழ்ப்பாணத்தில் கிளை திறந்த நிறுவனங்கள் பலவற்றில் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்திலேயே நடக்கிறது. ஆங்கிலத்தில் வந்த குற்றச்சாட்டுப் பத்திரத்தைக் கையொப்பமிட்டு வாங்கிய ஊழியர் பின்னர் ‘எனக்கு விளங்கவில்லை’ என்று சொன்னால், அது சட்ட நுணுக்கத்தைப் பற்றிய தர்க்கமன்று, நியாயமான அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்ற நேரடிக் கேள்வி. பத்திரத்தைத் தமிழில் கொடுப்பதும், சாட்சியம் சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதப்படுவதும் அந்தக் கேள்விக்கு இடம்வைக்காதவை. தமிழில் சொன்னதை எழுதுபவர் மனதுக்குள் மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் பதியும்போது ‘திறப்பு அங்கே இருக்கும்’ என்பது ‘திறப்பை அங்கே வைத்தேன்’ என்று மாறிவிட்டால், அது ஒப்புதல் வாக்குமூலமாகவே வாசிக்கப்படும்.

எதிர்த்தரப்பைக் கேட்பது என்றால் எதுவரை என்பதற்கு இலங்கையிலேயே எழுந்த ஒரு வழக்கு இன்றும் பாடமாக உள்ளது. 1952ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் தேர்வில், மொழிபெயர்க்கக் கொடுக்கப்பட்ட ஜெர்மன் பகுதியை முன்கூட்டியே அறிந்திருந்ததாக பெர்னாண்டோ என்ற மாணவர் மீது முறைப்பாடு எழுந்தது. துணைவேந்தர் தலைமையில் நடந்த விசாரணையில் முதன்மைச் சாட்சியான சக மாணவி அவர் இல்லாத வேளையில் விசாரிக்கப்பட்டார். தேர்வுகளிலிருந்து பெர்னாண்டோ காலவரையறையின்றி விலக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. ஆயினும் அக்காலத்தில் இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் கோமறைக் கழகம் 1960இல் அதை மாற்றியது. முறைப்பாட்டின் சாரம் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது, பதிலளிக்க வாய்ப்பும் கிடைத்தது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அவர் கேட்கவேயில்லை என்பதே அதன் காரணம். கேட்டு மறுக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்பது தீர்ப்பின் போக்கில் தெளிவு.

இத்தீர்ப்பை நிறுவனங்கள் தமக்குச் சாதகமாக வாசிப்பதுண்டு: கேட்காதவருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்று. களஞ்சியக் காப்பாளர் போன்ற ஒருவரை நீதியும் ஒப்புரவும் நோக்கும் நியாயசபை முன் கொண்டுசெல்லும்போது அந்த வாசிப்பு ஆபத்தானது. குறுக்கு விசாரணை என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் அதைக் கேட்கவில்லை என்பதிலிருந்து எதுவும் பெறப்படாது. விசாரணை அலுவலர் ஒவ்வொரு சாட்சியின் முடிவிலும் ‘கேள்வி கேட்க விரும்புகிறீரா’ என்று கேட்டு, வினாவையும் விடையையும் எழுதிவைத்தால் விடயம் முடிந்தது. காப்பாளர் ‘இல்லை’ என்றால் அதுவும் பதிவில் நிற்கும்.

விசாரணை நாளில் குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு, ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்கப்படுகிறது. நிறுவனச் சாட்சிகள் முதலில் தம் கூற்றைச் சொல்லி, பிறகு ஊழியரின் கேள்விகளுக்குப் பதிலளிக்கின்றனர். காட்டப்படும் ஒவ்வொரு ஆவணமும் ‘நி.1’, ‘நி.2’ என்று அடையாளமிடப்படுகிறது. அதன் பின் ஊழியர் சாட்சியமளித்து, தன் சாட்சிகளையும் அழைக்கிறார். நெல்லியடி நிகழ்வில் உண்மையான வேலை இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. மாற்றுத் திறப்பு பற்றிய கூற்றை ‘சாக்கு’ என்று ஒதுக்காமல், விசாரணை அலுவலர் திறப்புப் பதிவேட்டையும் அந்த வாரத்தின் லொறிப் பயணங்களையும் பற்றுச்சீட்டு இலக்கங்களையும் வரவழைத்து ஒப்பிட வேண்டும். அவ்வாறு பார்க்கையில் 20 பொதிகள் வெள்ளிக்கிழமை ஏற்றப்பட்டு, திங்கள் எண்ணிக்கைக்குப் பின்னரே பற்றுச்சீட்டு எழுதப்பட்டிருப்பது தெரியவந்தால், குறைவு 18ஆகச் சுருங்குகிறது. முதலாம் குற்றச்சாட்டு பலவீனமடையும் அதே வேளையில் இரண்டாவது உறுதிப்படுகிறது. புதிதாக வரவழைத்த ஆவணங்களையும் ஊழியருக்குக் காட்டி, அவற்றைப் பற்றி அவர் சொல்வதையும் எழுதிய பின்னரே அலுவலர் அவற்றைப் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஊழியர், நிறுவனப் பிரதிநிதி, விசாரணை அலுவலர் மூவரும் கையொப்பமிடுவதே வழக்கம். கையொப்பமிட மறுத்தால் மறுத்ததையும் அவர் சொன்ன காரணத்தையும் குறிப்பதே போதும். அழைப்புக் கிடைத்தும் ஊழியர் வராவிட்டால், இன்னொரு நாள் குறித்துப் பதிவுத் தபாலில் அறிவித்து, அன்றும் வராதபோது ஒருதலைப்பட்சமாக நடத்தலாம். ஆனால் வராமை ஒப்புதலாகாது. சாட்சிகள் அன்றும் அழைக்கப்பட்டுச் சாட்சியம் எழுதப்பட வேண்டும்.

அறிக்கையில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனி முடிவும், எந்தச் சாட்சியத்தின் மீது அந்த முடிவு நிற்கிறது என்பதும் இருக்க வேண்டும். மெய்ப்பிப்பின் அளவு, குற்றவியல் நீதிமன்றம் கோருவதுபோல் நியாயமான சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதன்று, நிகழ்தகவின் சமநிலையே, அதாவது நடந்திருக்க வாய்ப்புக் கூடியது எது என்பதே. நடத்தை ஒரு குற்றச்செயலாக இருந்தாலும் இதுவே அளவு என்று 1975இல் அசோசியேட்டட் பற்றரி உற்பத்தியாளர் கம்பனி வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. விசாரணை அலுவலர் இத்துடன் நின்றுவிட, தண்டனையைத் தீர்மானிக்கும் அதிகாரி ஊழியரின் முந்தைய சேவையையும் அதே வழக்கத்தைக் கிளையில் மற்றவர்களும் பின்பற்றினார்களா என்பதையும் வைத்துத் தனியாக முடிவெடுக்க வேண்டும். நெல்லியடி நிகழ்வில் பற்றுச்சீட்டு பின்னர் எழுதப்படுவதை முகாமையாளரும் அறிந்திருந்தார் என்று பதிவில் வந்திருந்தால், இரண்டாம் குற்றச்சாட்டுக்காக மாத்திரம் பணிநீக்கம் செய்வது நியாயசபையில் நிலைக்குமென எதிர்பார்க்க முடியாது. அப்போது சபை மீளப் பணியிலமர்த்தவோ அதற்குப் பதிலாக இழப்பீடு வழங்கவோ கட்டளையிடலாம். எழுத்து எச்சரிக்கையோ சம்பள ஏற்ற இடைநிறுத்தமோ இங்கே பொருத்தமாகும்.

பணிநீக்கமே முடிவென்றால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் குறுக்கிடுகிறது. பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட தொழில்தருநர், ஊழியரின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இன்றிச் சேவையை முடிவுறுத்துவதைத் தடுக்கும் அந்தச் சட்டம், ஒழுக்காற்றுத் தண்டனையாகச் செய்யப்படும் பணிநீக்கத்துக்கு விலக்களிக்கிறது. ஆனால் அத்தகைய பணிநீக்கத்தின் காரணங்களை, அது நடந்த நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் ஊழியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. ‘விசாரணை முடிவின்படி’ என்ற ஒற்றைத் தொடர் காரணமாகாது. மெய்ப்பிக்கப்பட்ட குற்றச்சாட்டு எது, மெய்ப்பிக்கப்படாதது எது என்று கடிதத்தில் வர வேண்டும். யாழ்ப்பாண நகரத்திலும் சந்தைகளை ஒட்டியும் இயங்கும் கடைகள் பெரும்பாலும் பதினைந்து பேருக்குக் குறைவானவை என்பதால் இந்த இரண்டு நாள் விதி அவற்றைத் தொடாது. எனினும் அக்கடை ஊழியரும் தொழில் நியாயசபைக்குச் செல்லலாம். வாய்மொழியாக ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொன்ன முதலாளி, காரணத்தை முதன்முறையாக எழுத்தில் வைப்பது அங்கே தாக்கல் செய்யும் பதில்மனுவில்தான்.