கர்ப்பச் செல்

ஜாதகக் குறிப்பில் ‘கர்ப்பச் செல் நீக்கி இருப்பு’ என்று எழுதுவார்கள். ‘செல்’ என்பது சென்றது, அதாவது பிறக்குமுன்பே கழிந்துவிட்ட திசைப் பங்கு. பிறந்த நேரத்தில் சந்திரன் தன் நட்சத்திரத்தில் கடந்திருக்கும் பாகையே அதைத் தீர்மானிக்கிறது.

ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை, அதாவது 800 கலை. பரணியில் சந்திரன் 200 கலை கடந்திருந்தால் கால்பங்கு போயிற்று. பரணிக்குரிய சுக்கிர திசை 20 ஆண்டு. செல் 5, இருப்பு 15.

ஒஸ்லோவில் பிறந்த பிள்ளைக்குக் கணிக்கும்போது கோடை நேரத்தை அவசியம் பாருங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும். அதைக் கழிக்க மறந்தால் சந்திரன் ஏறக்குறைய 33 கலை கூடுதலாக நகர்ந்துவிடும். சுக்கிர திசை இருப்பில் சுமார் பத்து மாதம் குறைந்துவிடும். பின்வரும் திசைகள் எல்லாமே அதே அளவு முன்தள்ளிப் போகும்.